விகுதிக்கு முன் வினை

ஒரு பல்கலைக்கழகத்தின் வரவேற்பு மடல் ஆங்கிலத்திலிருந்து இத்தாலியனுக்குப் போகிறது. அன்பு மாணவர்களே, நீங்கள் சேர்க்கப்பட்டுவிட்டீர்கள், தொடங்கத் தயாராக இருக்கிறீர்கள் என்பது செய்தி. ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடப் பால் காட்டவில்லை. இத்தாலியனிலோ அன்பு, மாணவர், சேர்க்கப்பட்ட, தயாரான ஆகிய நான்கும் ஆணா பெண்ணா என்று சொல்லியாக வேண்டும். 'காரி ஸ்துதெந்தி, சியேத்தே இஸ்க்ரித்தி எ ப்ரோந்தி' என்று எழுதினால் நான்கும் ஆண்பால். பெண்களும் அதில் அடக்கம் என்பது இலக்கண மரபு. 1987இல் இத்தாலியப் பிரதமர் அலுவலகம் வெளியிட்ட நூலில் அல்மா சபாத்தினி கேள்விக்கு உட்படுத்தியது இந்த மரபைத்தான்.

முதலில் கைக்கு வருவது இரட்டை வடிவம்: 'காரே ஸ்துதெந்தெஸ்ஸே எ காரி ஸ்துதெந்தி', மாணவியரே, மாணவர்களே. விளிப்பில் இது அழகாகவே நிற்கும். சிக்கல் அடுத்த வரியில். சேர்க்கப்பட்ட, தயாரான என்பவற்றையும் இரட்டித்தால் நாலாவது சொல்லுக்குள் வாசகர் களைத்துவிடுவார்.

இன்னொரு வழி ஷ்வா. அது ə, தலைகீழாகத் திருப்பிய e எழுத்து. விகுதி நிற்கும் இடத்தில் இதை வைத்தால் 'இஸ்க்ரித்தி', 'இஸ்க்ரித்தே' இரண்டும் வேண்டாம். ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவர்களுக்கும் இடம் கிடைக்கிறது. இரட்டை வடிவத்தால் இது முடியாது. மொழியியலாளர் வேரா கேனோவின் எழுத்துகள் இதைப் பரவலாக அறிமுகப்படுத்தின. ஆனால் 'லெத்தோரே', 'லெத்ரீச்சே' போல ஆண்பாலும் பெண்பாலும் அடியிலேயே பிரியும் சொற்களில் அதை எதன்மேல் ஒட்டுவது? பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களில் சில இந்த எழுத்தில் தடுமாறுகின்றன. எல்லாரையும் சேர்க்க வந்த குறி சிலரை வெளியே நிறுத்திவிடுகிறது.

தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் விகுதியில் கை வைப்பதற்கு முன் வினையைப் பார்க்கிறார். 'எஸ்ஸெரே' என்ற துணைவினையோடு வரும் எச்சம் எழுவாயின் பாலை ஏற்கும். 'அவேரே'யோடு வரும்போது ஏற்காது. 'கி ஸி எ இஸ்க்ரித்தோ', பதிவானவர் என்பது ஆண்பால். 'கி ஆ கொம்ப்ளெத்தாத்தோ லிஸ்க்ரித்ஸியோனே', பதிவை முடித்தவர் என்பது யாருக்கும் பொருந்தும். துணைவினை மாறியதும் பால் மறைந்துவிட்டது. 'காரி'க்குப் பதில் இரு பாலுக்கும் பொதுவான 'ஜென்தீலி' இருக்கிறது. ஆக, மடல் இப்படி முடிகிறது: மதிப்பிற்குரிய மாணவியரே, மாணவர்களே, உங்கள் பதிவு நிறைவடைந்தது, நீங்கள் தொடங்கலாம். இரட்டை வடிவம் ஒரே ஒரு முறை, அதுவும் விளிப்பில் மட்டும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. மூலத்தின் இளகிய தொனி சற்றே அலுவலக நடைக்குச் சாய்கிறது. இரு பாலிலும் சேராத பாத்திரம் நாவலில் வந்து, பக்கத்துக்குப் பக்கம் பேசப்பட்டால், சுற்றிவளைத்து எழுதியே அதைக் கடக்க முடியாது. அங்கே ஷ்வா தேவைப்படலாம். பதிப்பகத்தின் ஒப்புதலோடு முதல் பக்கத்திலிருந்தே சீராக வர வேண்டும்.

அலுவலகத் தாளில் அதற்கு இடமில்லை. 2023இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத் தரப்பு கேட்டபோது, நீதித்துறை எழுத்தில் ஷ்வாவைத் தவிர்க்க வேண்டும் என்றே க்ரூஸ்கா மொழிக் கழகமும் பதில் தந்தது.