வேற குக்கரோட வெயிட்

மேலூர் பக்கத்துல இருந்து போன வாரம் ஒரு அக்கா வந்தாங்க. ரெண்டு முன்னங்கையிலயும் கொதிக்கிற பருப்பு தெறிச்ச காயம். "வெயிட் தொலைஞ்சு போச்சு சார். மதினி வீட்டு குக்கரோடதைப் போட்டேன். ரொம்ப நேரமா விசிலே வரல, என்னன்னு பார்ப்போம்னு மூடியைத் திருகினேன்"னாங்க.

விசில் வரலைன்னா பிரஷர் ஏறலன்னு நினைச்சிருக்காங்க. உள்ளே நடந்தது நேர் எதிர். எப்படின்னு ஒரு சின்ன கணக்குல பார்ப்போம்.

மூடி நடுவுல இருக்கிற குழாய் ஓட்டை மேலதான் வெயிட் உட்காருது. ஆவி அதைக் கீழே இருந்து தள்ளுது. எடையை ஓட்டையோட பரப்பால வகுத்தா வர்றதுதான் வெயிட் எழும்புற பிரஷர்.

ஓட்டை 3 மி.மீ. விட்டம்னு வைங்க. பரப்பு சுமார் 0.07 சதுர செ.மீ. வெயிட் 72 கிராம். வகுத்தா சதுர செ.மீ.க்கு 1 கிலோ. வீட்டு குக்கர்ல வழக்கமா இருக்கிற அளவு இதுதான். வெளிக்காற்றோட அழுத்தத்தையும் சேர்த்தா ரெண்டு மடங்கு. தண்ணி 100க்குப் பதிலா 120 டிகிரியில கொதிக்கும். (நாங்க ஆபரேஷன் கருவிகளை வேக வைக்கிற ஆட்டோகிளேவும் கிட்டத்தட்ட இதே பிரஷர்தான்.) அடுப்பைக் கூட்டினாலும் சூடு இதுக்கு மேல போகாது, விசில்தான் அடிக்கடி வரும். கேஸ்தான் வீண்.

இப்ப அதே 72 கிராமை 2.5 மி.மீ. ஓட்டை இருக்கிற குக்கர்ல போடுங்க. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா பரப்பு 0.049 ஆயிடும், பிரஷர் 1.47 கிலோ ஏறினாத்தான் வெயிட் அசையும். உள்ளே 127 டிகிரி. வழக்கமா விசில் அடிக்கிற நேரத்துல அது சும்மா உட்கார்ந்திருக்கும்.

பருப்புத் தோலோ நுரையோ குழாயை அடைச்சாலும் இதே அமைதிதான், ஆனா அது இன்னும் மோசம். ஆவி வெயிட்டையே தொடாததால எடைக் கணக்கு செல்லாது. மூடியில இருக்கிற சேஃப்டி வால்வ் உருகினாத்தான் தப்பிக்கலாம். அதனாலதான் பருப்பு, கீரை வைக்கிறப்போ குக்கரைப் பாதிக்கு மேல நிரப்பாதீங்க, அடுப்புல ஏத்துறதுக்கு முன்னாடி குழாயை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்கன்னு சொல்றது.

மூடியைத் தள்ளுற விசை எவ்வளவு தெரியுமா? 20 செ.மீ. அகல மூடிக்குப் பரப்பு 314 சதுர செ.மீ. அப்போ 1 கிலோ பிரஷர்ல 314 கிலோ. பிரஷர் பத்துல ஒரு பங்கா இறங்கினாக்கூட 31 கிலோ மிச்சம். ஒரு அரிசி மூட்டை கனம்.

விசில் வரலையா, அடுப்பை அணைச்சிட்டு ஆறட்டும்னு விட்டுருங்க. ஆறின பிறகு வெயிட்டை லேசா தூக்கிப் பாருங்க. சீறல் இல்லாம இருந்தாலும் அது அடைப்பாகவும் இருக்கலாம். மூடி தானா இலகுவா திரும்பலைன்னா தொடாதீங்க. தொலைஞ்ச வெயிட்டுக்குப் பதில் வாங்கப் போறப்போ மூடியையும் கையோட எடுத்துட்டுப் போங்க, அதே கம்பெனி, அதே மாடலுக்கானதைக் கேளுங்க.

அந்த அக்காவுக்குக் கட்டு மாத்த நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். மதினி வீட்டு வெயிட்டைத் திருப்பிக் கொடுத்தாச்சாம்.