மழை விட்ட பிறகும் நனைந்திருந்த சிக்னல்

மன்னார்குடி வீட்டு மொட்டைமாடியிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் அரிசி ஆலைக்கு ரேடியோ வழியாக இன்டர்நெட் போகிறது. நடுவில் வயல்தான், மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் பைப்பில் ஒரு டிஷ், அதன் பின்னால் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. ஐப்பசி அடைமழையில் ஒருநாள் வேகம் பாதிக்கும் கீழே போயிற்று. ஆலை மேஸ்திரி போன் செய்தார். "மழைன்னா அப்படித்தானே தம்பி? வீட்டு டிவியே நின்னுபோகுதே" என்றார்.

டிவி நிற்பது உண்மை. டிடிஎச் டிஷ் வாங்கும் அலை 12 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது. அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான் என்பதால் பெரிய மழைத்துளிகள் அதை நன்றாகவே விழுங்கும். நம் பக்கத்தில் டிஷ் ஏறக்குறைய அண்ணாந்து பார்த்தபடி இருக்கும். அந்தத் திசையில் கருமேகம் வந்து நின்றால் படம் உறையும். மேகம் நகர்ந்தால் கால் மணியில் திரும்பிவிடும். சாட்டிலைட் பிராட்பேண்டும் இப்படித்தான். பக்கத்து வீட்டு டிஷ்ஷும் அதே நேரத்தில் நின்று, அதே நேரத்தில் வந்தால் அது மழையின் வேலை.

5 கிகாஹெர்ட்ஸ் கதை வேறு. அலை நீளமானது, துளிகள் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. மணிக்கு 100 மில்லிமீட்டர் என்று கொட்டுகிற மழை, நாலு கிலோமீட்டர் முழுவதும் ஒரே சமயத்தில் பெய்தாலும், மூன்று நான்கு டெசிபல்தான் குறையும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன். ரேடியோவின் பக்கத்தைத் திறந்தால் வழக்கமான -58 dBm இப்போது -61. மூன்று டெசிபல். மழைக்குப் பொருத்தமான கணக்கு என்று மூடிவிட்டேன்.

மறுநாள் காலை வானம் வெளுத்து வெயில் அடித்தது. எண் -61லேயே நின்றது. பன்னிரண்டு மணிக்கு மேல் மெல்ல ஏறி, மூன்று மணிக்கு -58 ஆனது. வானத்து மழை சிக்னலைக் குறைத்திருந்தால், மழை விட்டதுமே அது திரும்பியிருக்க வேண்டும். வெயிலில் காய்ந்த பிறகு திரும்புகிறது என்றால் எங்கோ தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த மழையில் மொத்த எண்ணை விட்டுவிட்டு அதற்குக் கீழே உள்ளதைப் பார்த்தேன்.

```
Chain 0   -61
Chain 1   -80
```

இந்த வகை ரேடியோ செங்குத்து, கிடைமட்டம் என்று இரண்டு அலைகளாக அனுப்பும். இரண்டும் -61 ஆக இருக்கும்போது கூடி -58 ஆகிறது. ஒன்று அடியோடு விழுந்தாலும் மொத்தம் மூன்று டெசிபல்தான் இறங்கும். வேகமோ பாதிக்கு மேல் போய்விடும். மழை பெய்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இறங்கும். வழியில் மரம் வளர்ந்து இலைகள் நனைந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். ஒன்று மட்டும் பத்தொன்பது டெசிபல் விழுந்தால், அந்த அலைக்கு உரிய கேபிளையோ கனெக்டரையோதான் சந்தேகிக்க வேண்டும்.

எந்தப் பக்கத்துக் கனெக்டர்? இங்கே திரை உதவாது. வழியில் எங்கே இழந்தாலும் இழப்பு போக, வர இரண்டுக்கும் பொது. அதனால் இரு முனையிலும் அதே எண்தான் தெரியும். நன்றாகக் காய்ந்த ஒரு நாளில் மேஸ்திரி செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஆலை மாடிக்கு ஏறினார். நான் வீட்டில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் கனெக்டரில் ஊற்றியதற்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் ஊற்றிய ஐந்தாவது நிமிடம் `Chain 1` இறங்கத் தொடங்கியது. "அண்ணே, போதும், அதுதான்" என்றேன்.

அவிழ்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு. டேப் சுற்றாமல் விடவில்லை. சுற்றிய விதம்தான் தவறு. சாதாரண எலக்ட்ரிக்கல் டேப்பை மேலிருந்து கீழாகச் சுற்றியிருந்தார்கள். ஒவ்வொரு சுற்றின் விளிம்பும் மேல்நோக்கி வாய் திறந்து தண்ணீரை வாங்கி, வெளியே விடாமல் வைத்துக்கொண்டது. கீற்று வேய்கிறவர் தாழ்வாரத்தில் தொடங்கி முகட்டுக்குப் போவார்; மேல் கீற்று கீழ்க் கீற்றின் மேல் படிந்தால்தான் நீர் வழியும். டேப்பும் அப்படியே கீழிருந்து மேலே போக வேண்டும். இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் முதலில், அதன்மேல் வெயில் தாங்கும் டேப். அந்தக் குட்டிக் கேபிளையும் மாற்றினோம். பின்னலுக்குள் ஏறிய ஈரம் கனெக்டரைத் துடைத்தால் போகாது. புதுக் கேபிளை, கனெக்டருக்குக் கீழே தொங்கி வளையும்படி கட்டினோம். வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கார்த்திகையில் ஒரு மாலை பெருமழை. டிவி உறைந்து நின்றது. ரேடியோவைத் திறந்து பார்த்தேன்: `Chain 0` -63, `Chain 1` -63. மழை விட்ட சிறிது நேரத்தில் இரண்டும் -61.