தணலருகே ஒரு கதை

சாரணர் முகாமின் இறுதி இரவில் மூட்டப்படும் நெருப்பைப் பாசறைத் தீ என்பர். 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே, நெருப்பைச் சுற்றி அமர்ந்து கதை கேட்கும் வழக்கம் இருந்தது. மறு ஆண்டு அவர் வெளியிட்ட நூலின் பகுதிகளுக்கும் பாசறைத் தீக் கதைகள் என்றே பெயரிட்டார். சாரண ஆசிரியனாகிய நானும் அவ்வழக்கத்தைப் பல ஆண்டுகளாகப் பின்பற்றி வருகிறேன்.

பாசறை நிகழ்ச்சி நெருப்பின் போக்கிலேயே செல்லும். சுடர் உயர்ந்து எழும்போது நகைச்சுவை நாடகமும் கைதட்டிப் பாடும் பாட்டும் நிகழும். சுடர் தாழும்போது பாட்டும் மெதுவாகும். விறகு தணலான பிறகே தலைவர் பேசத் தொடங்குவார். கொழுந்துவிட்டு எரியும் தீ கண்ணைக் கவரும். தணலின் மங்கிய ஒளியிலோ செவி விழித்துக்கொள்ளும். ஆதலால், இறுதி அரைமணி நேரத்தில் புதுவிறகு இடுவதில்லை. பேச்சும் பத்து நிமிடத்தைத் தாண்டலாகாது. ஒரு கதை, அக்கதையிலிருந்து பிறக்கும் ஒரு பாட்டு, ஒரே ஒரு கருத்து ஆகிய மூன்றுமே அதற்குப் போதும்.

ஒருமுறை ஏற்காட்டில் நடந்த முகாமில், ஓர் அணியினர் தம்முள் ஒருவனைச் 'சுமை' என்று அழைத்து வந்தனர். அவனுக்கு முடிச்சுப் போட வராது; மலையேறும்போது பின்தங்குவான். ஆனால் நன்றாகப் பாடுவான். அவன் பெயரைச் சொல்லிக் கண்டித்தால் அவனுக்கு இன்னும் ஓர் அவமானமே மிஞ்சும். எனவே, அன்றிரவு தென்துருவப் பனியில் நிகழ்ந்த ஒரு கதையைத் தேர்ந்தேன்.

1915ஆம் ஆண்டு ஷாக்கிள்டன் என்பாரின் 'எண்டியூரன்ஸ்' கப்பல் உறைந்த கடலில் சிக்கிப் பனிப்பாறைகளால் நெரிக்கப்பட்டது. இருபத்தெட்டுப் பேரும் பனிமேல் இறங்கினர். படகுகளை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததால், சொந்தப் பொருள் ஒவ்வொருவருக்கும் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே இருக்கவேண்டும் எனத் தலைவர் ஆணையிட்டார். முன்மாதிரியாகத் தம் பொற்காசுகளையே பனியில் எறிந்தார். ஆயினும், ஹஸ்ஸி என்பவரின் பாஞ்சோ என்னும் நரம்பிசைக் கருவியை மட்டும் விட்டுவிட அவர் இசையவில்லை. அதன் எடை ஐந்து கிலோவுக்கும் மேல். அது மனத்துக்கு வேண்டிய மருந்து என்று அவர் கருதினார்.

பின்னர் எலிஃபண்ட் தீவில் இருபத்திரண்டு பேர் நான்கு மாதங்களுக்கு மேல் காத்திருந்தனர். கவிழ்த்து வைத்த இரண்டு படகுகளே அவர்களுக்குக் கூரை. அந்த இருளில் பாஞ்சோ ஒலித்தது. சோர்ந்த குரல்கள் அதனுடன் சேர்ந்து பாடின. 1916ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் மீட்புக் கப்பல் வந்தபோது, இருபத்திரண்டு பேரும் உயிருடன் இருந்தனர்.

கதையில் மீட்பு நாளை முன்னதாகவே சொல்லிவிட்டு, படகின் அடியில் பாட்டு எழுந்த இரவை இறுதியில் வைத்தேன். 'வெளியே பனிக்காற்று, உள்ளே ஒருவன் பாட்டெடுத்தான்' என்று சொல்லி நிறுத்தினேன். அதுவே பாட்டுக்கான குறிப்பு. 'இப்போது பாடுவோம்' என்று அறிவித்திருந்தால் கதையின் அமைதி கலைந்திருக்கும். அந்த மாணவனிடம் மாலையிலேயே தனியாகச் சொல்லி வைத்திருந்தேன். அமர்ந்த இடத்திலிருந்தே அவன் ஓர் ஓடப்பாட்டைத் தொடங்கினான். தாழ்ந்த சுருதியில் எடுக்குமாறு கூறியிருந்தேன். சுருதி உயர்ந்தால் இரண்டாம் அடியிலேயே பலர் குரல் உடைந்து, பாட்டு சிரிப்பாகிவிடும். முதல் அடி முழுவதும் தனிக்குரலாக ஒலித்தது. 'ஏலேலோ' வந்ததும் வட்டம் முழுவதும் சேர்ந்துகொண்டது. இருளில் யார் பாடுவது எனத் திரும்பிப் பார்த்தவர்களில் அவன் அணியினரும் இருந்தனர்.

பாட்டு முடிந்தபின் நான் சொன்னது ஒரே வாக்கியம்: 'எதைச் சுமப்பது என்று முடிவு செய்யுமுன், அது நம்மை எப்போது சுமக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.' துணிவு, ஒழுங்கு, கீழ்ப்படிதல் என அக்கதையில் இன்னும் பல கருத்துகள் உண்டு. அவற்றையும் அடுக்கினால் பிள்ளைகள் குச்சியால் மண்ணைக் கீறத் தொடங்குவர். அது செவி மூடிவிட்டதற்கு அடையாளம். விளக்கம் கூறாமல் அமைதியாகக் கலையச் சொன்னேன். தணலில் நீர் தெளித்து, சாம்பல் குளிர்ந்ததா எனப் புறங்கையை அருகில் வைத்துப் பார்த்தேன்.

ஓர் இரவுப் பேச்சு ஒருவனுக்கு மலையேறும் வலிமையைத் தந்துவிடாது. மறுநாள் கூடாரம் பிரிக்கும்போதும் அவன் கை தடுமாறத்தான் செய்தது. ஆனால், அணித் தோழன் ஒருவன் அருகில் அமர்ந்து, கயிற்றின் நுனியை எந்தப் பக்கம் நுழைக்க வேண்டும் என்று அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.