பத்துச் சதத்துக்கு ஏலம்

யாரோ ஒரு உறவினர் வீட்டுக் கலியாண அழைப்பிதழ். முன்பக்கம் பிள்ளையார் படம், மூலைகளில் மங்கிய மஞ்சள். பின்பக்கம் அம்மம்மாவின் நீல மை எழுத்தில் தொதல் கிண்டும் விதம். ஒரு பக்கம் வெறுமையாய் இருந்த கடுதாசியை அந்த நாளில் எங்கள் ஊரில் ஒருவரும் எறியமாட்டார்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவில், காணி உறுதியும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களும் இருந்த உறைக்குள் இதுவும் இருந்திருக்கிறது. அம்மா தெரிந்து வைத்தாவா, உறுதியோடு ஒட்டிக்கொண்டு வந்ததா என்று கேட்டால், "வந்திட்டுதுதானே" என்பா.

மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது. எண்ணெய் ஊறிய இடங்களில் மை பரவி, முன்பக்கத்து அச்செழுத்து பின்பக்கம் தெரிகிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு பிரதி எடுப்போம் என்று உட்கார்ந்தேன். யன்னலோரம் சாய்வாக விழும் வெளிச்சத்தில் பிடித்தால் பென்சில் கோடுகள்கூட மினுங்கித் தெரியும். பஞ்சால் துடைக்கப் போகக்கூடாது. எண்ணெய் போகாது, மை போய்விடும். எடுத்த பிரதி இது. சதுர அடைப்புக்குள் இருப்பதும் செய்முறைக்குப் போட்ட எண்களும் என்னுடையவை. மற்றதெல்லாம் அம்மம்மா எழுதினபடி.

தொதல்

சி. பச்சை அரிசி – தலைதட்டி 1 கொத்து
சர்க்கரை – 4 றாத்தல் [இலக்கத்தின்மேல் எண்ணெய்]
தேங்காய் – 10 [பென்சிலில், வேறு கையெழுத்தில்: 8 போதும்]
பயறு – ½ சுண்டு
கஜு – 4 அவு.
ஏலம் – 10 சதத்துக்கு
உப்பு – ஒரு கிள்ளு

1. அரிசி ஊறவிட்டு இடித்து அரி.
2. பயறு வறுத்து உடைத்து வை.
3. மு. பாலில் சர்க்கரை கரைத்து வடி. மாவும் அதில் கரை.
4. தாச்சியில் விட்டுக் கிண்டு. மாப் பச்சை போனபின் மு. பால்.
5. பயறு, கஜு, ஏலம், உப்பு போடு.
6. பிறகு வழமைபோல்.

இவ்வளவுதான். இதைப் பார்த்த மருமகள் ஒருத்தி, "கிராமிலை மாத்தித் தாங்கோ மாமா" என்றாள். மாற்றிக் கொடுத்தேன், ஆனால் வேறு தாளில். பிரதியில் கொத்து கொத்தாகவும் றாத்தல் றாத்தலாகவும் நிற்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். என் கணக்குப் பிழைத்தால் வேறொருவர் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். அம்மம்மாவின் சொல்லை அழித்துவிட்டு என் கணக்கை அதற்குள் எழுதிவிட்டால் பிறகு திரும்பிப் போக வழியில்லை.

கொத்தையே எடுங்கள். நாலு சுண்டு ஒரு கொத்து. சுண்டு என்பது ரின்பால் பேணி அளவு. ஒரு கொத்து அரிசி ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைய வரும் என்பது பொதுக்கணக்கு. எங்கள் வீட்டுக் கொத்துப் பேணியோ அடி உள்வாங்கி நெளிந்தது. நான் சின்னப் பெடியனாய் இருக்கும்போதே அப்படித்தான் இருந்தது. அரிசி மூட்டைக்குள் புதைந்து கிடக்கும். எந்தக் கையில் கொடுத்தாலும் நெளிவு பெருவிரலுக்குக் கீழே வந்து நிற்கும். அந்தப் பேணியால் அளந்த கொத்துக்கும் பக்கத்து வீட்டுக் கொத்துக்கும் வித்தியாசம் இருந்திருக்கும். அதனால்தானோ என்னவோ 'தலைதட்டி' என்று எழுதியிருக்கிறா. கும்பமாய் அளக்காமல், கையால் மேலே வழித்துவிட்ட அளவு. இந்தச் சொல்லை விட்டுவிட்டு '1 கொத்து' என்று மட்டும் படியெடுத்தால் மா கூடிவிடும், தொதல் இறுகிப் போகும்.

இன்னொரு இடத்தில் கை தானாகவே வழுக்கும். அவ எழுதியது அரிசி. இன்றைக்கு ஒருவரும் வீட்டில் இடிப்பதில்லை, கடையில் மா வாங்குகிறோம். அதனால் படியெடுக்கும்போது 'அரிசிமா 1 கொத்து' என்று வந்துவிடப் பார்க்கும். ஊறவைத்து இடித்து அரித்த ஈரமா உதிர்ந்து பொங்கி நிற்கும். ஒரு கொத்து அரிசி இடித்தால் மா ஒரு கொத்துக்கு மேலே நிறைய வரும். அரிசியில் அளப்பதை மாவில் அளந்தால், சர்க்கரையும் பாலும் அப்படியே இருக்க, மா காணாது. எவ்வளவு கிண்டினாலும் தட்டத்தில் ஆறி வெட்ட வராது, கரண்டியால் அள்ளவேண்டிவரும். கடையில் வாங்கிய மாவில் செய்கிறவர் நிறுத்துத்தான் போடவேண்டும். அந்தக் குறிப்பும் என்னுடைய மற்றத் தாளில் இருக்கிறது.

சர்க்கரைக்கு முன்னாலுள்ள இலக்கத்தை முதலில் 1 என்றுதான் வாசிக்கத் தோன்றும். 4-இன் இடப்பக்கக் கோடு எண்ணெயில் கரைந்துவிட்டது. கண் சொல்வதை மட்டும் நம்பாமல் கணக்கையும் கேட்கவேண்டும். ஒரு றாத்தல் 450 கிராம் சொச்சம்; பாண் இன்னும் அந்தக் கணக்கில்தான் விற்கிறார்கள். அரிசி கிட்டத்தட்ட இரண்டு றாத்தல். தொதலுக்குச் சர்க்கரை அரிசியின் நிறையைப்போல் இரண்டு மடங்குக்குக் கிட்ட வரவேண்டும். ஒரு றாத்தல் சர்க்கரை போட்டால் வருவது தொதல் இல்லை, களி. ஆகவே 4. ஆனாலும் 'இலக்கத்தின்மேல் எண்ணெய்' என்று பக்கத்தில் எழுதி வைத்தேன். தெளிவாக இருந்து வாசித்ததும் யோசித்துக் கண்டுபிடித்ததும் பிரதியில் ஒன்றுபோலத் தெரியக்கூடாது.

பென்சில் எழுத்து அம்மாவுடையது. பொருளாதாரத் தடைக் காலத்தில் தேங்காய் யானை விலை குதிரை விலை, பத்தை எட்டாக்கியிருக்கிறா. பிரதியில் பத்தும் எட்டும் இரண்டும் இருக்கின்றன. அம்மா சொன்னாவே என்று பத்தை வெட்டினால் அம்மம்மாவின் தொதல் போய்விடும். எட்டை விட்டால் தடைக்காலம் போய்விடும். எட்டுத் தேங்காயில் எண்ணெய் குறைவாய்த்தான் கக்கும், அடிப்பிடிக்கும் பயம் கூட. ஆனால் நான் வளர்ந்தது அந்த எட்டுத் தேங்காய்த் தொதலில்தான்.

தலையைச் சுற்றவைத்தது 'மு. பால்'. இரண்டு இடத்தில் வருகிறது. முதற்பாலும் மு, மூன்றாம் பாலும் மு. இரண்டு இடமும் முதற்பால் என்றால் இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் எங்கே போயின? பத்துத் தேங்காய் திருவிப் பிழிந்த வீட்டில் அதை வெளியில் ஊற்றுகிற ஆள் இல்லை அம்மம்மா. மாவைக் கட்டிப்பாலில் கரைத்தால், மா வேகப் போதிய தண்ணீர் இராது. மா அவியுமுன்னே எண்ணெய் பிரிந்து அடி பிடிக்கும். எனவே முதல் வருவது மூன்றாம் பால், இரண்டாம் பாலையும் சேர்த்து. பச்சை வாசம் போனபிறகு விடுவது முதற்பால். இப்படித்தான் நான் வாசிக்கிறேன். அழைப்பிதழில் இருப்பதோ 'மு.', பிரதியிலும் 'மு.'

கடைசி வரிக்கு ஆள் தேடவேண்டி வந்தது. 'பிறகு வழமைபோல்.' உண்மையில் தொதலின் முழு வேலையும் அதற்குப் பிறகுதான். எழுதியவவுக்கு அது எழுதத் தேவையில்லாத சங்கதி. வளவின் பின்பக்கம், மாமரத்தின் கீழே மூன்று கல் வைத்து, பெரிய தாச்சி ஏற்றி, ஆம்பிளைகள் மாறி மாறிக் கிண்டுவார்கள். பெரிய அகப்பையைச் சின்னய்யாவிடம் கொடுத்துவிட்டு ஐயா தோளைத் தடவிக்கொண்டு போய்ச் சுருட்டுப் பற்றுவார். பொம்பிளைகள் ஒருபக்கத்தில் இருந்து கஜு உடைத்துக்கொண்டு, "அடி பிடிக்குது, மணக்குது" என்று சத்தம் போடுவார்கள். நாங்கள் சிறிசுகள் தாச்சியைச் சுற்றி நின்றது வழிப்புக்காக. கருகலும் இனிப்புமாய் அடியில் ஒட்டியதைச் சிரட்டையால் சுரண்டித் தின்ற ருசியைச் சொல்ல எனக்குச் சொல் இல்லை. அந்த வளவுக்கு இப்போது போனால் கூரையில்லாத சுவரும் அந்த மாமரமும் நிற்கின்றன. தாச்சி யார் கையில் போனதோ.

வழமை தெரிந்தவர்களில் மிச்சம் மாமி ஒருத்திதான். தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"வழமை எண்டால் என்ன மாமி?"

"என்னடா கேள்வி? கையெடுக்காமல் கிண்டவேணும். தண்ணி வத்த எண்ணெய் கக்கும். அதைக் கரண்டியாலை அள்ளி அள்ளி எடு. நெருப்பைத் தணி. தாச்சியிலை ஒட்டாமல் ஒண்டாய்த் திரண்டு சுத்தி வரும். கொஞ்சம் எடுத்துத் தண்ணிக்குள்ளை போட்டு உருட்டிப் பார். கையிலை ஒட்டாட்டில் இறக்கு. அள்ளின எண்ணெயைத் தட்டத்திலை பூசிக் கொட்டு. ஆறமுதல் வெட்டாதை."

"எவ்வளவு நேரம் மாமி?"

"மணிக்கூடு பாத்தே நாங்கள் கிண்டினாங்கள்?"

இதைப் பிரதிக்குள் 6-இன் கீழ் சேர்க்கவில்லை. 'மாமி சொன்னது' என்று தலைப்பிட்டு, அவ சொன்ன சொல்லிலேயே, மற்றத் தாளில் எழுதினேன்.

ஏலத்தை நான் தொடவில்லை. விளிம்பு நெளிந்த பத்துச் சதக் குற்றியைக் கொடுத்தால் சந்திக் கடையில் கடுதாசிச் சரையில் சுற்றித் தருவார்கள். அதில் எத்தனை காய் இருந்தது என்று சொல்ல அந்தக் கடைக்காரரும் இல்லை. எந்த வருசத்து விலை என்று தெரிந்தால்கூடக் காய் நல்லதா சொத்தையா என்பது தெரியப்போவதில்லை. ஒரு கொத்து அரிசிக்கு இருபது காய் போட்டால் எனக்குச் சரியாக இருக்கிறது; மருமகளுக்குக் கொடுத்த தாளில் இருபது காய் என்று எழுதியிருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பெட்டிக்குள்ளும் இப்படி ஒரு துண்டு கிடந்தால் எடுத்துப் பாருங்கள். 'வழமைபோல்', 'அளவுக்கு', 'பதம் பார்த்து' என்று எங்காவது இருக்கும். அந்த வரியை வாசித்துக் காட்ட ஒரு மாமியோ ஆச்சியோ இருக்கும்போதே ஒரு கோல் எடுத்துவிடுங்கள்.