அணைந்து அணைந்து எரியும் ஸ்பீக்கர்

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் ஆய்க்குடியிலும் ஈரக்காற்றுதான். அந்த நேரத்தில் பெரியப்பாவின் சின்ன புளூடூத் ஸ்பீக்கர், ஆன் ஆகும் சத்தத்தையே திரும்பத் திரும்பப் போட ஆரம்பித்தது. "போர்டு போயிட்டு, புதுசு வாங்கிக்கோங்க" என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

திறந்து, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்தேன். சும்மா இருக்கையில் 3.9 வோல்ட். பலரும் இதைப் பார்த்து பேட்டரி நல்லது என்று முடிவுகட்டிவிடுவார்கள். மீட்டரை எடுக்காமல் ஆன் செய்து பார்க்க வேண்டும். சத்தம் வரும் நொடியில் ஆம்ப்ளிஃபையர் கரண்டை இழுக்கிறது. வயதான செல்லின் உள்தடை கூடியிருப்பதால் வோல்ட் 3க்குக் கீழே விழுகிறது, சர்க்யூட் அணைகிறது. சுமை போனதும் வோல்ட் ஏறி, மறுபடி ஆன். அதுதான் அந்தச் சுழற்சி.

வோல்ட் விழாமல் நின்றும் அணைந்தால் பட்டனைச் சந்தேகிக்கலாம். ஈரத்தில் பச்சை பூத்த பட்டன், யாரோ அழுத்திக்கொண்டே இருப்பது போலக் காட்டும். அதைக் கழற்றிவிட்டு, அந்த இரு முனைகளையும் ஒரு கணம் தொடவைத்து ஆன் செய்தால் தெரிந்துவிடும். அதன் பிறகும் தொடர்ந்தால்தான் போர்டு. அதிலும் முதலில் பேட்டரி வயர் சாலிடர் விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பெரியப்பாவுடையது செல்தான். அதே அளவில், டேப் வைத்த 18650 செல் மாற்றினோம். செல்லின் மேல் நேராக சாலிடர் வைக்காதீர்கள், சூடு ஆபத்து. உப்பிய செல்லைக் குத்தவும் வேண்டாம்.