தவணை தொடங்கும் முன்பே மனு

ராயகிரியில் நெல்லும் கொஞ்சம் எலுமிச்சையும் வைத்திருக்கும் ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்வோம். மகனின் பொறியியல் படிப்புக்கு 3 லட்சம் ரூபாய் கல்விக்கடன் வாங்கியிருக்கிறார். 2024 மே மாதம் படிப்பு முடிந்தது. அதன்பின் ஓராண்டு விடுப்பு, 2025 ஜூனில் முதல் தவணை. மகனோ ராஜபாளையத்தில் ஒரு பட்டறையில் மாதம் 9,000 ரூபாய்க்குத் தற்காலிக வேலையில் இருக்கிறார்.

இந்த நிலையில் பலரும் கிளைக்குப் போய் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, "பார்த்துக்கலாம் அண்ணாச்சி" என்ற பதிலோடு திரும்பி விடுகிறார்கள். அந்தப் பேச்சு வங்கிக் கணினிக்குத் தெரியாது. குறித்த தேதியில் தவணை விழும். 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக்கடன். தந்தை இணைக் கடனாளி என்பதால் அவர் பெயரிலும் பதிவாகும். அடுத்த பயிர்க்கடனுக்குப் போகும்போது அந்தப் பதிவுதான் முதலில் கண்ணில் படும்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரி கல்விக்கடன் திட்டம், படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் விடுப்புத் தருகிறது. வேலை கிடைக்காத காலத்துக்கும், படிப்புக்கு ஏற்ற வருமானம் இல்லாத காலத்துக்கும் கடன் முடிவதற்குள் இரண்டு மூன்று முறை விடுப்புத் தரலாம் என்றும் அதில் இருக்கிறது. "தரலாம்" என்பதுதான் சொல். முடிவு வங்கியின் கையில். எனவே முதல் தவணைக்கு ஓரிரு மாதம் முன்பே, ஏப்ரலிலேயே, தந்தையும் மகனும் கையெழுத்திட்ட மனு கொடுப்பது நல்லது. கடன் கணக்கு எண், படிப்பு முடிந்த தேதி, எத்தனை மாதம் வேண்டும் என்பதை எழுதி, பட்டச் சான்று, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டை, இப்போதைய சம்பளத்துக்கான கடிதம் ஆகியவற்றின் நகலை இணைக்க வேண்டும். இன்னொரு பிரதியில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

விடுப்பு இலவசமல்ல. மத்திய அரசின் வட்டி மானியம் கிடைத்திருந்தாலும் அது படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும்தான். நீட்டித்த காலத்துக்கு இல்லை. வட்டி 10 சதவீதம் என்றால் 3 லட்சத்துக்கு ஓராண்டில் 30,000 ரூபாய் ஏறும். பத்து ஆண்டில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 3,965 ரூபாயிலிருந்து 4,360 ஆகும். பதினைந்து ஆண்டாக நீட்டித்தால் சுமார் 3,550-க்கு இறங்கும், மொத்த வட்டி கூடும். முடிந்தால் விடுப்புக் காலத்தில் மாதாமாதம் வட்டி 2,500 ரூபாயை மட்டுமாவது கட்டிவந்தால் அசல் 3 லட்சத்திலேயே நிற்கும். 9,000 சம்பளத்தில் அதுவும் சுலபமில்லைதான். எலுமிச்சை விலை ஏறும் மாதங்களிலாவது கட்டலாம்.

30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். ஆனால் காரணம் சொல்லி மறுத்த முடிவை அங்கே மாற்றுவது கடினம். அனுமதி கிடைத்தால் புதிய தவணை அட்டவணையை எழுத்தில் வாங்கி, ஜூன் மாதக் கணக்கில் தவணை பற்று விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.