பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் நடுவே

போனில் பேசிய கேண்டிடேட்டுக்கு ஐந்து வருட அனுபவம். இப்போது வருடத்துக்கு 9 லட்சம். கேட்டது 18. என் கையில் இருந்த பட்ஜெட் 12.

இந்த இடத்தில் பல ஹெச்ஆர்கள் "சொல்லிவிடுகிறோம்" என்று போனை வைத்துவிட்டுக் காணாமல் போவார்கள். நானும் அப்படிச் செய்தவள்தான். இந்த முறை உள்ளதைச் சொன்னேன்.

"பன்னிரண்டுக்கு மேல் என்னால் போக முடியாதுங்க. அதே டீமில் ஏழு வருடமாக இருப்பவர் 13 வாங்குகிறார். உங்களுக்குப் பதினெட்டு கொடுத்தால் அடுத்த மாதம் அவர் பேப்பர் போட்டுவிடுவார்."

"வேறு கம்பெனியில் 18 தர்றாங்க மேடம்" என்றார். பிரேக்அப் கேட்டேன். படித்துக் காட்டினார். வேரியபிள் 4 லட்சம், ஒரு முறை மட்டும் வரும் ஜாயினிங் போனஸ் 1 லட்சம், கிராஜுவிட்டியும் இன்சூரன்ஸும் சேர்த்து 50 ஆயிரம். கழித்தால் நிற்பது பன்னிரண்டரை. அதிலும் கம்பெனி பங்கு பிஎஃப் உள்ளே இருக்கிறது. மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

என்னால் முடிந்ததைச் சொன்னேன். பன்னிரண்டும் ஃபிக்ஸட். மூன்று மாத நோட்டீஸில் ஒரு மாதத்தை நாங்கள் பணம் கட்டி வாங்கிக்கொள்வோம். ஆறாவது மாதத்தில் சம்பள ரிவ்யூ. அது ஆஃபர் லெட்டரிலேயே எழுத்தில் இருக்கும். வாய்வார்த்தையாக ரிவ்யூ என்றால் நம்ப வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னேன். அது எங்கள் கம்பெனிக்கும் பொருந்தும்.

திங்கட்கிழமை வரை நேரம் கேட்டிருக்கிறார்.